விற்ற போன் என் பழைய கணக்கைக் கேட்கிறது, கடவுச்சொல்லைக் கொடுக்கலாமா?

ஐயா, நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். என்னுடைய சாம்சங் ஏ52 போனை, விளம்பரம் பார்த்து வந்த ஒரு பொடியனுக்குப் போன சனிக்கிழமை 42,000 ரூபாவுக்கு விற்றேன். விற்க முதல் படங்களை எல்லாம் ஒவ்வொன்றாக அழித்தேன், சிம்மையும் கழற்றினேன். பிறகு முழுவதையும் அழிக்கப் போனால் சாம்சங் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டது, எனக்கு அது ஞாபகமில்லை. பக்கத்து வீட்டுத் தம்பி லாப்டாப்பில் கேபிளை மாட்டி, பக்கவாட்டுப் பட்டன்களை அமத்தி அழித்துத் தந்தான். புதுப் போன் மாதிரித் திறந்தது, கொடுத்துவிட்டேன். அன்றிரவே வாங்கியவர் அழைத்து, "அக்கா, உங்கட பழைய கணக்கைக் கேக்குது, ஈமெயிலும் பாஸ்வேர்டும் அனுப்புங்கோ, இல்லாட்டிக் காசைத் தாங்கோ" என்கிறார். பயத்தில் நேற்றிரவு கூகுள் கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். என் படங்களை அவர் பார்த்திருப்பாரா? பெட்டியையும் பில்லையும் வேறு கேட்கிறார். பில்லில் வீட்டு விலாசமும் அடையாள அட்டை இலக்கமும் இருக்கின்றன. டோஹாவில் இருக்கும் கணவரின் ஐபோன் 11 ஒன்றும் வீட்டில் விற்பனைக்கு இருக்கிறது. அதிலாவது இப்படி மாட்டுப்படாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?
பெயர் வேண்டாம், கொழும்பு 6

சகோதரி, கடவுச்சொல்லை அனுப்ப வேண்டாம். வாட்ஸ்அப்பிலும் வேண்டாம், தொலைபேசியில் வாயால் சொல்லவும் வேண்டாம், "ஒரு நிமிஷம்தான் அக்கா, பிறகு மாத்திக்கொள்ளுங்கோ" என்று அவர் கெஞ்சினாலும் வேண்டாம். அந்தக் கணக்குக்குள் உங்கள் மின்னஞ்சல் மட்டுமா இருக்கிறது? கூகுள் போட்டோஸ் இருக்கிறது, தொடர்பு எண்கள் இருக்கின்றன, குரோமில் சேமித்து வைத்த மற்றக் கடவுச்சொற்கள் இருக்கின்றன, யாரோ கேட்டதற்காக ட்ரைவில் ஏற்றிவைத்த அடையாள அட்டைப் படமும் இருக்கலாம். அந்த போனில் அவர் உங்கள் கணக்கோடு உள்ளே போன உடனேயே இவையெல்லாம் அதே போனில் வந்து இறங்கத் தொடங்கும். கஷ்டப்பட்டு அழித்ததை நீங்களே திருப்பிக் கொடுத்த கதையாகிவிடும்.

ஆனால் அந்தப் பொடியனையும் கள்ளன் என்று நினைக்காதீர்கள். நான் பதினாறு வருடமாகக் கொழும்பில் போன் திருத்துகிறேன், மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது இதே பிரச்சினையோடு என் மேசைக்கு வருவார்கள். அநேகமாக வாங்கியவரும் நல்லவர், விற்றவரும் நல்லவர். அழித்த முறைதான் பிழை.

உங்கள் படங்கள் அவர் கையில் இல்லை

பழைய கணக்கைக் கேட்கிற அந்தப் பூட்டுத் திரை வந்ததே போன் முழுவதும் அழிந்துவிட்டது என்பதற்கு அடையாளம். ஏ52 மாதிரி அண்மைக்கால போன்களில் உள்நினைவகத்தில் எழுதப்படும் எல்லாமே மறையாக்கம் செய்து, அதாவது சாவியில்லாமல் வாசிக்க முடியாதபடிதான் எழுதப்படுகின்றன. அதைத் திறக்கும் சாவி போனுக்குள்ளேயே இருக்கிறது. முழு அழிப்புச் செய்யும்போது போன் முதலில் அந்தச் சாவியைத்தான் ஒழித்துக் கட்டுகிறது. சாவி போன பிறகு உள்ளே மிச்சமிருப்பது யாராலும் வாசிக்க முடியாத குப்பை. "மூன்று தரம் மேலே எழுதி அழிக்க வேண்டும்", "வீடியோவால் நிரப்பிவிட்டுப் பிறகு அழிக்க வேண்டும்" என்பதெல்லாம் மறையாக்கம் இல்லாத பழைய போன்கள் காலத்துக் கதை, உங்கள் போனுக்கு அது தேவையில்லை.

எனக்குக் கவலை தந்தது நீங்கள் செய்த மற்ற வேலை, ஒவ்வொன்றாக அழித்தது. எந்தச் செயலிக்குள் இருந்து அழித்தீர்கள்? கூகுள் போட்டோஸுக்குள் இருந்து அழித்திருந்தால், அதில் காப்புப்பிரதியும் இயங்கிக்கொண்டிருந்தால், போனில் மட்டுமல்ல, உங்கள் கணக்கிலிருந்தும் படங்கள் போயிருக்கும். புதுப் போனில் தேடினாலும் வராது. இன்றைக்கே photos.google.com போய் Bin என்ற பகுதியைப் பாருங்கள். காப்புப்பிரதி எடுக்கப்பட்ட படங்கள் அங்கே 60 நாள் கிடக்கும், அதற்குள் மீட்டுக்கொள்ளலாம். சாம்சங்கின் Gallery செயலியில் இருந்து அழித்திருந்தால் கூகுளில் ஏறிய பிரதி பெரும்பாலும் அப்படியே இருக்கும். எப்படியோ, விற்கப்போகிற போனில் படத்தைத் தனித்தனியாக அழிப்பதால் ஒரு பாதுகாப்பும் கூடுவதில்லை, இருப்பதையும் இழக்கிற ஆபத்துத்தான் வருகிறது. காப்புப்பிரதியைச் சரிபார்த்துவிட்டு முழு அழிப்புக்குப் போக வேண்டியதுதான்.

உங்கள் கடிதத்தில் மெமரி கார்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஏ52இல் இரண்டாவது சிம்முக்கான இடத்திலேயே மெமரி கார்டையும் போடலாம், ஒரே தட்டுத்தான். சிம்மை எடுக்கும்போது தட்டை வெளியே இழுத்திருப்பீர்கள். அதில் கார்ட் இருந்ததா, இருந்ததை "அது போனோடு சேர்ந்தது" என்று அப்படியே திரும்பத் தள்ளிவிட்டீர்களா? நீங்களாக அமைத்திருந்தாலொழிய கார்டில் மறையாக்கம் கிடையாது, பட்டன் அமத்திச் செய்யும் அழிப்பு அதைத் தொடுவதும் இல்லை. கார்டில் ஒவ்வொன்றாக அழித்த படங்களை போட்டோரெக் மாதிரி இலவச மென்பொருள் ஒன்றால் ஒரு மத்தியான நேரத்துக்குள் திருப்பி எடுத்துவிடலாம். நானே 2017இல் என் போனை விற்று, கார்டை மறந்து, வாங்கியவர் வீட்டுப் படியில் போய் நின்று அசடு வழிந்தவன்தான். அவர் நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே எடுத்துத் தந்தார். ஆகவே அந்தப் பொடியனைச் சந்தித்ததும் தட்டை இழுத்துப் பார்ப்பதுதான் முதல் வேலை.

பூட்டு ஏன் விழுந்தது

2015இல் வந்த ஆண்ட்ராய்டு 5.1இலிருந்து இந்தப் பூட்டு இருக்கிறது. போனைக் களவெடுத்தவனுக்கு உங்கள் பின் இலக்கம் தெரியாது, அதனால் அமைப்புகளுக்குள் போய் அழிக்க அவனால் முடியாது. அவனுக்கு மிஞ்சியிருக்கிற ஒரே வழி, போனை அணைத்துவிட்டுப் பட்டன்களை அமத்தி அழிப்பது. அதனால் அந்த வழியாக அழிந்த போன் எல்லாம் சந்தேகத்துக்குரியதாகவே கணிக்கப்படுகிறது. மறுபடி திறக்கும்போது, "முன்பு இதில் இருந்த கணக்கையோ பழைய திரைப்பூட்டையோ காட்டு" என்று கேட்கிறது. உங்கள் அயல்வீட்டுத் தம்பி உதவி செய்யும் மனதோடு செய்தாலும், போனின் கண்ணுக்கு அவன் செய்தது கள்ளன் செய்கிற வேலை.

முன்னதாக உங்களைத் தடுத்தது இன்னொரு கணக்கு. சாம்சங் போனில் கூகுள் கணக்கு ஒன்று, சாம்சங் கணக்கு ஒன்று என்று இரண்டு இருக்கும். போன் வாங்கிய நாளில் கடைக்காரர் "ஏதாவது ஒன்றைப் போடுவம்" என்று திறந்து தந்த சாம்சங் கணக்கைப் பிறகு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. விற்கிற நாளில்தான் அது கண் முழிக்கும். அந்தக் கடவுச்சொல் மறந்துபோனால் account.samsung.com இல் உங்கள் மின்னஞ்சல் வழியாக ஐந்து நிமிடத்தில் மாற்றிக்கொள்ளலாம். அந்த ஐந்து நிமிடத்தை விட்டதால்தான் இவ்வளவும்.

இப்போது இதை அவிழ்ப்பது எப்படி

நேற்றிரவு கூகுள் கடவுச்சொல்லை மாற்றியது பிழையில்லை, ஆனால் அதற்கொரு விலை உண்டு. கடவுச்சொல்லை மாற்றிய கணக்கைப் பூட்டு விழுந்த போனில் உடனே பாவிக்க விடமாட்டார்கள், 24 மணித்தியாலம் பொறுக்க வேண்டும். களவெடுத்தவன் உங்கள் கணக்கையும் கைப்பற்றிப் போனைத் திறந்துவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. நீங்கள் நேற்றிரவு பத்து மணிக்கு மாற்றியிருந்தால் இன்றிரவு பத்துக்கு முன் முயற்சி செய்ய வேண்டாம், நாளை பின்னேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் பயந்துபோய் இன்னொருமுறை மாற்றிவிடாதீர்கள், மாற்றினால் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டிவரும்.

வாங்கியவருக்கு இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்: "தம்பி, பிழை என்னுடையதுதான். கடவுச்சொல் தரமாட்டேன், நானே நேரில் வந்து திறந்து தருகிறேன். முடியாவிட்டால் அந்த இடத்திலேயே 42,000 ரூபாவையும் திருப்பித் தருகிறேன்." இது பெருந்தன்மை காட்டுகிற விஷயமில்லை. நான் சட்டத்தரணி இல்லை, ஆனாலும் 1896ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம் நம் நாட்டில் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. விற்ற பொருளை வாங்கியவர் தடையில்லாமல் வைத்து அனுபவிக்க விற்றவர் பொறுப்பு என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. உங்கள் கணக்கால் பூட்டுப்பட்ட போனை அவர் எப்படி அனுபவிப்பது? காசைத் திருப்பிக் கேட்பது அவருக்கு நியாயமான உரிமை. கடவுச்சொல்லைக் கேட்க மட்டும் அவருக்கு உரிமை இல்லை.

சந்திக்கிற இடம் ஆள் நடமாட்டம் உள்ளதாக இருக்கட்டும், பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு கடைத்தொகுதியின் சாப்பாட்டுத் தளம் போதும். தனியாகப் போகாதீர்கள். உங்கள் புதுப் போனையும் கொண்டுபோங்கள், அதன் ஹாட்ஸ்பாட்டில்தான் பழைய போனை இணைக்கப் போகிறீர்கள். உள்நுழைவை உறுதிப்படுத்தச் சொல்லி கூகுள் கேட்கிற கேள்வியும் அதற்குத்தான் வரும்.

பழைய போனை உங்கள் கையில் வாங்கி, வைஃபையை இணைத்து முன்னே போனால் பூட்டுத் திரை வரும். பெரும்பாலான போன்களில் அந்தத் திரை முதலில் கேட்பது உங்கள் பழைய பின் இலக்கத்தையோ கோட்டு வடிவத்தையோதான். கணக்கைப் பாவிக்க Use my Google Account instead என்று கீழே சின்னதாக ஒரு வரி இருக்கும். பழைய திரைப்பூட்டு ஞாபகமிருந்தால் அதையே போடுங்கள், கூகுள் கணக்கு அந்தப் போனுக்குள் போகாமலே வேலை முடிந்துவிடும். அதைக்கூட நேரில் நீங்களே போடுவதுதான் நல்லது, ஏனென்றால் பலர் அதே நான்கு இலக்கத்தை வங்கிச் செயலிக்கும் வைத்திருப்பார்கள், நீங்களும் அந்தப் பலரில் ஒருவராக இருக்கலாம்.

திரைப்பூட்டு ஞாபகமில்லை என்றால் கூகுள் கணக்கால்தான் போக வேண்டும். இடையில் சாம்சங் கணக்கையும் கேட்கக்கூடும், அதனால் அந்தக் கடவுச்சொல்லை வீட்டிலிருந்தே மாற்றி எடுத்துக்கொண்டு போங்கள். பழைய தரவுகளைக் கொண்டுவரவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். உள்ளே போன கையோடு Settings திறந்து Accounts and backup, அதற்குள் Manage accounts போய்க் கூகுள் கணக்கை அகற்றுங்கள். சாம்சங் கணக்கு Settings திரையின் உச்சியில் உங்கள் பெயரோடு நிற்கும், அதைத் தொட்டால் அடியில் Sign out இருக்கும். இரண்டும் போன பிறகு General management, Reset, Factory data reset. வரிசை இதுதான், கணக்குகள் முதலில் போக வேண்டும், அழிப்புக் கடைசியில். சனிக்கிழமை தலைகீழாக நடந்தது இந்த வரிசைதான்.

அழிந்து முடிந்து முதல் திரை வந்ததும் "சரி தம்பி" என்று எழும்பி வந்துவிடாதீர்கள். போன சனிக்கிழமையும் இதே திரை வந்ததுதானே? முதல் திரை எப்போதும் ஒழுங்காகத்தான் இருக்கும். பூட்டு இருக்கிறதா இல்லையா என்பது இணையத்தில் இணைந்த பிறகுதான் தெரியவரும். அதனால் வைஃபையை இணைத்து அவரையே முன்னே போகச் சொல்லுங்கள். கணக்குச் சேர்க்கும் திரையில் Skip என்று தெரிந்தால் போன் சுத்தம். பழைய கணக்கையோ பழைய பின்னையோ கேட்டால் இன்னும் பூட்டு இருக்கிறது. அவர் தன் கணக்கைப் போட்டு வீட்டுத் திரை வரும்வரை இருந்துவிட்டு வாருங்கள்.

"இதை உடைத்துத் தருவோம்" என்று சொல்லும் ஆட்களிடம் அவர் கொண்டுபோய்விட்டால் என்ன என்று யோசிப்பீர்கள். அப்படி ஆட்கள் இருக்கிறார்கள், புறக்கோட்டையில் தேடவே தேவையில்லை. ஆனால் கூகுள் அந்த ஓட்டைகளை ஒவ்வொரு பதிப்பிலும் அடைத்துக்கொண்டே வருகிறது, அதோடு உடைத்துத் திறந்த போனைப் பிறகு பார்க்கிற எவருக்கும் அது களவுப்போன் மாதிரித்தான் தெரியும். ஒழுங்கான பில்லோடு வாங்கிய போனுக்கு அந்த நிலை ஏன்?

இரவு வீட்டுக்கு வந்து myaccount.google.com இல் Security பகுதியில் உங்கள் சாதனங்களின் பட்டியலைப் பாருங்கள். ஏ52 இன்னும் அதில் நின்றால் அங்கிருந்தே வெளியேற்றிவிடுங்கள். வங்கிச் செயலி எதையாவது அந்த போனில் வைத்திருந்தால் வங்கிக்கும் அழைத்துப் பழைய சாதனத்தை நீக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பை ஏற்கெனவே புதுப் போனில் அதே இலக்கத்தில் தொடங்கியிருந்தால் அதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

பெட்டியும் பில்லும்

பெட்டியைக் கொடுங்கள், ஆனால் கொடுக்க முதல் அதன் பக்கத்தில் ஒட்டியிருக்கும் வெள்ளைச் சீட்டைத் தெளிவாக ஒரு படம் எடுத்து வையுங்கள். பெட்டியில் பெறுமதியான பகுதி அந்தச் சீட்டுத்தான். போனில் *#06# என்று தட்டினால் வருகிற, அந்தப் போனுக்கே உரிய 15 இலக்க ஐஎம்இஐ எண்ணும், சீட்டில் உள்ளதும், பில்லில் கடைக்காரர் எழுதியதும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு சிம் போடுகிற போனில் இரண்டு எண் வரும், பில்லில் அநேகமாக முதலாவது மட்டும் இருக்கும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். எப்போதாவது மதர்போர்டை மாற்றித் திருத்தியிருந்தால் போனின் எண் பெட்டியோடு ஒத்துப்போகாது. அப்போது திருத்திய கடையின் பில்லையும் சேர்த்துக் கொடுத்தால்தான் வாங்குகிறவர் நம்புவார்.

பில் விஷயத்தில் நீங்கள் தயங்கியது சரி. மூலப் பில் அவசியப்படுவது உத்தரவாதக் காலம் மிச்சமிருக்கும்போதுதான், இங்கே அது பொதுவாக ஒரு வருடம். 2021இல் வெளிவந்த மாதிரி என்பதால் உங்கள் போனுக்கு அது எப்போதோ முடிந்திருக்கும். ஆகவே மூலத்தை நீங்களே வைத்துக்கொண்டு பிரதி ஒன்றைக் கொடுங்கள். அந்தப் பிரதியில் கடையின் பெயர், திகதி, மாதிரி, ஐஎம்இஐ, விலை தெரிய வேண்டும், உங்கள் விலாசமும் அடையாள அட்டை இலக்கமும் தெரியக் கூடாது. பேனையால் கறுப்படித்துக் கொடுக்காதீர்கள், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அடியில் எழுத்துத் தெரியும். போனில் எடுத்த படத்தின் மேல் ஹைலைட்டர் தூரிகையால் பூசினாலும் அதே கதி, வெளிச்ச அளவைக் கூட்டினால் வாசித்துவிடலாம். அந்த இரண்டு இடத்திலும் வெள்ளைக் கடதாசித் துண்டு வைத்து மறைத்துவிட்டுப் போட்டோகொப்பி எடுங்கள், பத்து ரூபா வேலை.

பில்லை விட முக்கியமான ஒன்றை நீங்கள் அவரிடம் கேட்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை என்று நினைக்கிறேன். ஒரு விற்பனைக் கடிதம். அரைத் தாள் போதும், இரண்டு பிரதி எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளலாம். உதாரணத்துக்கு இப்படி: "சாம்சங் ஏ52, ஐஎம்இஐ இன்னது, நல்ல நிலையில், 42,000 ரூபாவுக்கு, இன்ன திகதி இன்ன நேரத்தில் இன்னாரிடமிருந்து இன்னார் வாங்கினார். கணக்குகள் அகற்றப்பட்டுள்ளதை இருவரும் பார்த்து உறுதிசெய்தோம்." இருவரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும். உங்கள் இலக்கத்தைக் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று முகம் சுளிக்காதீர்கள். அவர் இலக்கமும் உங்களிடம் வருகிறது, வீட்டு விலாசம் எழுதத் தேவையில்லை.

ஏன் இவ்வளவு? அந்த போன் நாளைக்கு மூன்றாவது நான்காவது கைக்குப் போய், அதிலிருந்து யாரோ யாரையோ மிரட்டினால் பொலிஸ் தேடிப்போவது ஐஎம்இஐ வழியாகத்தான். அந்த எண்ணில் எந்தெந்த சிம் இயங்கியது என்பது தொலைபேசி நிறுவனங்களிடம் இருக்கும், சிம் உங்கள் அடையாள அட்டையில் பதிவாகியிருக்கும், அதனால் பட்டியலில் உங்கள் பெயரும் வரும். அன்றைக்கு "நான் இன்ன திகதியில் விற்றுவிட்டேன்" என்று வாயால் சொல்வதற்கும், கையெழுத்திட்ட அரைத் தாளை நீட்டுவதற்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று நான் ஒருமுறை பொலிஸ் நிலைய வாங்கில் ஒரு மத்தியானம் முழுக்க இருந்து படித்தேன். நாளை அவரைச் சந்திக்கும்போதே இதை எழுதிவிடுங்கள். திகதி போன சனிக்கிழமையாக இருக்கட்டும், திறந்து கொடுத்த நாளைக் கீழே தனி வரியாக எழுதுங்கள்.

கணவரின் ஐபோன்

இதில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஐபோனின் பூட்டை உரிமையாளர் டோஹாவிலிருந்தே அவிழ்க்கலாம். ஆனால் இங்கேயும் வரிசைதான் பிரச்சினை.

முதலில் அவரோடு கதைத்து, அந்த போனில் அவருக்கு வேண்டிய படமும் வாட்ஸ்அப் உரையாடலும் அவருடைய இப்போதைய போனுக்குப் போய்விட்டனவா என்று கேளுங்கள். நீங்கள் இரக்கப்பட்டு ஒன்றையும் கையால் அழிக்காதீர்கள். ஐகிளவுட் போட்டோஸ் இயங்கினால் இங்கே நீங்கள் அழிக்கிற படம் அங்கே அவர் கையில் இருக்கிற போனிலும் போய்விடும், தொடர்பு எண்களும் அப்படித்தான். ஏ52இல் நடந்திருக்கக்கூடியதே இங்கேயும் நடக்கும், இந்தமுறை ஏச்சு வேறு கிடைக்கும்.

போனின் பூட்டு இலக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், அது மட்டும் போதாது. கணக்கிலிருந்து வெளியேற ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல் வேண்டும். Stolen Device Protection என்ற பாதுகாப்பு இயங்கிக்கொண்டிருந்தால் போனை அழிப்பதற்கு அவருடைய முகமே வேண்டிவரலாம், வீடியோ அழைப்பில் காட்டுகிற முகம் அதற்குச் செல்லாது. அதனால் குறுக்கு வழிக்குப் போகாமல் போனைச் சார்ஜில் போட்டு, வீட்டு வைஃபையில் இணைத்து மேசையில் வையுங்கள். அவர் டோஹாவில் icloud.com/find திறந்து, அந்த ஐபோனைத் தேர்ந்து, முதலில் அழிக்கும் கட்டளையைக் கொடுக்க வேண்டும். உங்கள் முன்னால் போன் அணைந்து அழிந்து Hello என்ற திரை வருவதைப் பார்த்து அவருக்குச் சொல்லுங்கள். அதற்குப் பிறகுதான் அவர் Remove This Device என்பதைத் தொட வேண்டும். போன் இணையத்தில் இருக்கும்போது, அழிக்காமலே பட்டியலிலிருந்து எடுத்தால், அது சற்று நேரத்தில் திரும்பவும் அங்கே வந்து நிற்கும், அவர் எடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

சோதனை முன்னதைப் போலத்தான். Hello திரையோடு நிற்காமல், மொழியைத் தெரிந்து, வைஃபை இணைத்து, ஒன்றிரண்டு திரை முன்னே போங்கள். iPhone Locked To Owner என்று வந்தால் கணக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவர் மறுபடி பட்டியலைப் பார்க்க வேண்டும். புதிதாகத் தொடங்கவா, பழைய தரவைக் கொண்டுவரவா என்று கேட்டால் பூட்டு இல்லை.

அந்த போன் கட்டாரில் வாங்கியதா இங்கே வாங்கியதா என்று நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும் விளம்பரம் போட முதல் *#06# தட்டி எண்ணை எடுத்து, IMEI என்று ஆங்கிலத்தில் எழுதி, ஓர் இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தையும் 1909க்கு குறுஞ்செய்தியாக அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் பதிவில் அது இருக்கிறதா என்று பதில் வரும். வாங்க வருகிறவர்களும் இதைத்தான் செய்து பார்ப்பார்கள், பதிலை முன்கூட்டியே தெரிந்து விளம்பரத்தில் எழுதிவிட்டால் வீட்டு வாசலில் நின்று விலை பேசுகிற வேலை மிச்சம். கட்டாரில் வாங்கிய பில் என்றால் அதிலும் அவருடைய அங்கிருக்கும் அடையாள இலக்கமும் தொலைபேசி எண்ணும் இருக்கக்கூடும், அதையும் மறைத்தே பிரதி எடுங்கள்.

சோதித்து முடிந்ததும் அமைப்பை இடையில் நிறுத்திப் போனை அணைத்து, பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். இனி அது திறக்கப்பட வேண்டியது வாங்குகிறவரின் கையில், உங்கள் கண் முன்னால், வைஃபையோடு.